பொருளைப் பிடித்து எண்ணுவதா, தட்டைப் பிடித்து எண்ணுவதா?

யாழ்ப்பாணத்தில் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தின் உள்ளகக் கணக்காய்வில் இருந்தபோது ஒரு பத்திரம் கையெழுத்துக்காக என் மேசைக்கு வந்தது. 7/0.67 சிவப்பு வயர், 12 றோல் குறைவு, இருப்பிலிருந்து கழிக்க அனுமதி வேண்டும் என்றது அது. வீட்டு வயரிங்கில் பிளக் லைனுக்குப் போகும் 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் அது. கணக்குக்கு வசதியாக ஒரு றோல் 20,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். 12 றோலுக்கு 240,000 ரூபா. எண்ணியவர், சரிபார்த்தவர் என்று இரண்டு கையெழுத்தும் ஒழுங்காக இருந்தன. எண்ணிக்கையிலும் பிழை இல்லை. எண்ணிய முறைதான் பிழை.

களஞ்சியத்தை வருடத்துக்கு ஒருமுறை பூட்டி எண்ணாமல் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எண்ணுவதைத்தான் சைக்கிள் கவுண்ட் என்கிறோம். அதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று பொருள்வழி: இன்றைக்கு 7/0.67 என்று எடுத்தால், அது இருப்பதாகக் கணினி சொல்லும் தட்டுகளுக்கெல்லாம் போய் எண்ணிக் கூட்டுவது. மற்றது தட்டுவழி: இன்றைக்கு B-05 வரிசை என்று எடுத்தால், அங்கே கண்ணில் படுகிற எல்லாவற்றையும் எண்ணி எழுதுவது, அது எந்தப் பொருளாக இருந்தாலும்.

பொருள்வழியை முதலாளிமார் விரும்புவதற்குக் காரணம் இருக்கிறது. விலைகூடிய சாமானை மாதம் ஒருமுறையும் ஆணி, திருகாணியை வருடம் ஒருமுறையும் எண்ணலாம். எண்ணி முடித்த உடனேயே அந்தப் பொருளின் மொத்தக் குறைவோ கூடுதலோ தெரிந்துவிடும், கணக்குப் பகுதிக்கு வேண்டியதும் அதுதான். ஆனால் எண்ணி முடியும்வரை எல்லாத் தட்டிலும் அந்தப் பொருள் அசையக் கூடாது. கவுண்டரில் ஆள் நிற்கும்போது வயர் விற்பனையை ஒரு மணிநேரம் நிறுத்துவது லேசில்லை. அதனால் நிறுத்தாமலே எண்ணுவார்கள், வித்தியாசமும் வரும்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. கணினி சொல்லாத இடத்துக்கு இந்த முறை போகவே போகாது. அந்த வயர் B-03-2 இல் 40, B-05-1 இல் 24, மொத்தம் 64 என்று கணினி சொன்னது. எண்ணியவர் அந்த இரண்டு தட்டுக்கும் போனார். முதலாவதில் 40 சரியாக இருந்தது, இரண்டாவதில் 12தான். பட்டியலில் வேறு இடம் இல்லாததால் அவருடைய வேலை அத்தோடு முடிந்தது.

நான் களஞ்சியத்துக்குப் போய் B-05-1 க்கு முன்னால் நின்றேன். றோல்களை அடுக்கிப் பார்த்தால் அந்தத் தட்டில் 15க்கு மேல் கொள்ளாது என்பது கண்ணாலேயே தெரிந்தது. 24 வந்து இறங்கியதாகப் பதிவு இருக்கிறது. மிச்சம் எங்கே போயிருக்கும்?

“அண்ணை, மேல் தட்டில என்ன கிடக்கு?”

“அது சும்மா மேலதிகமா வச்சது தம்பி. லிஸ்ற்றில இல்லை.”

ஏணி வைத்து ஏறினேன். C-01-4 இல் பொலித்தீன் சுற்றிய றோல்கள் ஒன்பது இருந்தன, மேலே தூசி படிந்து. விரலால் துடைத்துப் பார்த்தபோது லேபிளில் 7/0.67 என்றிருந்தது. கொழும்பிலிருந்து இரவு வந்த லொறியை விடியற்காலையில் இறக்கியிருக்கிறார்கள். கொள்ளாததை மேலே ஏற்றிவிட்டு, பொருள் பெற்ற பத்திரத்தில் 24ஐயும் B-05-1 என்றே பதிந்திருக்கிறார்கள். அந்தப் பத்திரத்தை எழுதிய கிளார்க் ஒன்பது மணிக்குத்தான் வேலைக்கு வருவார். இறக்கும் நேரத்தில் அவர் அங்கே இல்லை.

அந்த 240,000 ரூபாவை அன்று கழித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அது இருப்புக்கான இலங்கைக் கணக்கீட்டு நியமமான LKAS 2 படி அந்த மாதத்துச் செலவாகப் போயிருக்கும். அதைவிட மோசமானது, ஒன்பது றோல் வயர் கணக்கில் இல்லாமல் களஞ்சியத்தில் கிடந்திருக்கும். யாராவது நாளைக்கு அதை வெளியே கொண்டுபோனாலும் எந்த எண்ணிக்கையிலும் குறைவு காட்டாது, ஏனென்றால் அதை ஏற்கெனவே கழித்தாயிற்று. பொய்க் குறைவைக் கழிப்பது களவுக்குக் கதவு திறந்து வைப்பது போல. இதனால்தான் கணக்காய்வில் நான் முதலில் தேடுவது, ஒரே பொருளில் கழித்தலும் இரண்டு மாதத்துக்குள் கூட்டலும் வந்திருக்கிறதா என்பதை. அப்படி ஜோடியாக வந்தால் பெரும்பாலும் சாமான் தொலையவில்லை, இடம்தான் தொலைந்திருக்கிறது. கழித்தல் மட்டும் வந்து கூட்டல் வராமலே இருக்கிற பொருள்களைப் பார்த்துத்தான் நான் கூடுதலாகக் கவலைப்படுவேன்.

தட்டுவழியில் இந்த ஒன்பதும் மாட்டியிருக்கும், ஒரு நிபந்தனையோடு. சில மென்பொருள்கள் இருப்பு உள்ள தட்டுகளை மட்டும் எண்ணும் பட்டியலில் அச்சிடும். C-01-4 கணினியில் வெறுமை. அதனால் தட்டுவழி எண்ணினாலும் அந்தத் தட்டுப் பட்டியலில் வந்திருக்காது. ‘வெறுமை’ என்று பதிவான தட்டுகளையும் சேர்த்து அச்சிடச் சொல்ல வேண்டும். அவைதான் முதலில் பார்க்க வேண்டிய தட்டுகள். வெறுந்தட்டைப் பார்க்க அரை நிமிடம் போதும், சாமான் இருந்தால் அப்போதே செய்தி.

இன்னொரு வசதி, பூட்ட வேண்டியது ஒரு தட்டை மட்டுந்தான். சங்கிலியில் ‘எண்ணப்படுகிறது’ என்று மட்டை தொங்கவிட்டு இருபது நிமிடத்தில் முடித்துவிடலாம். விற்பனை மற்றத் தட்டுகளிலிருந்து நடக்கும். 420 தட்டு உள்ள களஞ்சியத்தில் நாளுக்கு 20 எண்ணினால் 21 வேலைநாளில் ஒரு சுற்று வந்துவிடும். ஆணித் தட்டுக்கும் வயர்த் தட்டுக்கும் ஒரே நேரம் செலவாகிறது என்ற குறையும் உண்டுதான். அடிக்கடி கைபடும் தட்டுகளை மாதம் இருமுறை வைத்தால் அது ஓரளவு சரியாகும்.

ஆனால் தட்டுவழி தனியே போதும் என்று நான் சொல்லமாட்டேன். அதற்கும் ஒரு குருட்டுப் புள்ளி இருக்கிறது, அதுவும் இதே வயரில்தான் தெரிந்தது. மேலே ஒன்பது கிடைத்தும் இன்னும் 3 றோல் குறைந்தது. பக்கத்துத் தட்டான B-06-1 இல் 7/0.53 சிவப்பு வயர், அதாவது 1.5 சதுர மில்லிமீற்றர் வயர், இருக்க வேண்டியதைவிட 3 றோல் கூட இருந்தது. இரண்டும் ஒரே நிறம், ஒரே பொலித்தீன். லேபிளின் சின்ன எழுத்துத்தான் வித்தியாசம். தட்டுவழியில் B-05 ஐ இன்றும் B-06 ஐ அடுத்த கிழமையும் எண்ணியிருந்தால் குறைவு ஒரு பத்திரத்திலும் கூடுதல் இன்னொரு பத்திரத்திலும் போயிருக்கும். இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆகவே என் முடிவு இது. அன்றாட எண்ணிக்கை தட்டுவழியாக நடக்கட்டும். வித்தியாசம் வந்தால், கழிக்கவோ கூட்டவோ முன்னர் அந்தப் பொருளையும் அதைப் போலவே இருக்கும் பொருள்களையும் அன்றே பொருள்வழியாக எண்ண வேண்டும். எண்ணுகிறவரின் தாளில் கணினி இருப்பை அச்சிடவே கூடாது. 24 என்று முன்னால் இருந்தால், அவசரத்தில் கை 24 என்றே எழுதும்.

இனி அனுமதி. இங்கேயும் இரண்டு வழி: பத்திரத்தின் நிகரப் பெறுமதியைப் பார்த்து யார் கையெழுத்திட வேண்டும் என்று தீர்மானிப்பது ஒன்று, கூட்டல் கழித்தல் குறியை விட்டுவிட்டு எல்லா வரியையும் கூட்டிய மொத்தப் பெறுமதியைப் பார்ப்பது மற்றது. அந்த நிறுவனத்தில் 25,000 ரூபா வரை களஞ்சிய முகாமையாளர், அதற்கு மேல் நிதி முகாமையாளர் என்று விதி. எதன் 25,000 என்று விதியில் இல்லை. மென்பொருள் நிகரத்தை எடுத்துக்கொண்டது.

ஒன்பது றோல் கிடைத்த பிறகு இரண்டாவது பத்திரம் வந்தது. 7/0.67 இல் 3 குறைவு, 60,000 கழித்தல். 7/0.53 றோல் ஒன்று 12,500 என்று வைத்தால் 3 கூடுதல், 37,500 கூட்டல். நிகரம் 22,500. களஞ்சிய முகாமையாளர் தனியே கையெழுத்திட்டு முடித்துவிடலாம். மொத்தமாகப் பார்த்தால் 97,500, அது நிதிப் பகுதிக்குப் போயே ஆக வேண்டும். எக்செல்லில் பெறுமதிகள் D நிரலில் இருந்தால் வித்தியாசம் இவ்வளவுதான்:

```
=SUM(D2:D200)
=SUMPRODUCT(ABS(D2:D200))
```

நிகரத்தை வைத்துத் தீர்மானிக்கும் இடத்தில், மாறிப்போன சாமான் ஒன்றையொன்று மறைத்துவிடும். கவனக்குறைவாக மாறினாலும் ஒன்றுதான், வேண்டுமென்றே மாற்றிக் கொடுத்தாலும் ஒன்றுதான். மொத்தத்தை வைத்தால் சும்மா இடம்மாறிய சின்ன வித்தியாசங்களும் மேலே போகும், நிதி முகாமையாளர் அலுத்துப்போவார் என்பது உண்மை. அதற்கு எல்லைத் தொகையை உயர்த்தலாம், 40,000 வேண்டுமானாலும் வைக்கலாம். நிகரத்துக்குத் திரும்பக் கூடாது. எல்லையைப் பத்திரத்துக்கு மட்டும் வைக்காமல் ஒரு பொருளுக்கு மாதத்தில் இவ்வளவு என்றும் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பத்திரம் மூன்றாக உடைந்து வரும்.

அந்தப் பத்திரத்தை நிறுத்திவைத்து, சாமான் வெளியே போகும்போது எழுதும் துண்டுச்சீட்டுகளைப் பார்த்தோம். ஒரு சனிக்கிழமை 7/0.53 மூன்று றோல் விற்ற துண்டில், எடுத்த தட்டு B-05 என்று பென்சிலால் எழுதியிருந்தது. 7/0.53 அங்கே இருப்பதே இல்லை. வாங்கிய எலெக்ட்ரீஷியனுக்குக் கோல் எடுத்தோம். இரண்டு றோல் இன்னும் பிரிக்கவில்லை, ஒன்று வீட்டுச் சுவருக்குள் போய்விட்டது என்றார். இரண்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சரியான வயரை எடுத்துக்கொண்டு போனார். கடைசியில் இருப்பைத் திருத்த வேண்டி வந்தது இரண்டு வகையிலும் ஒவ்வொரு றோல். நட்டம் 7,500 ரூபா. முதல் பத்திரத்தில் கேட்டது 240,000.

அந்தத் துண்டில் பென்சிலால் தட்டு எண்ணை எழுதிய பையனுக்கு அதை எழுதச் சொல்லி யாரும் சொல்லியிருக்கவில்லை, அவனாகவே எழுதும் பழக்கம். இப்போது அந்த நிறுவனத்தின் துண்டில் அதற்கென்று ஒரு கட்டம் அச்சிட்டிருக்கிறது. திருத்தப் பத்திரத்திலும் இரண்டு வரி கூடியிருக்கிறது: வேறு எந்தத் தட்டுகள் பார்க்கப்பட்டன, எந்த ஒத்த பொருள்கள் எண்ணப்பட்டன. அந்த இரண்டு வரியும் வெறுமையாக வந்தால் தொகை எவ்வளவாக இருந்தாலும் பத்திரம் களஞ்சியத்துக்கே திரும்பிப் போகும்.