வடைக்கும் பூரிக்கும் எண்ணெய்ச் சூடு: மாவுத் துணுக்கா, வெப்பமானியா?

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பருப்பு வடைக்கு வெப்பமானி, பூரிக்கு மாவுத் துணுக்கு.

நுவரெலியாவில் புது வெப்பமானியைக் கொதிநீரில் விட்டுப் பார்த்தால் 94 பாகை செல்சியஸ் அளவில்தான் நிற்கும். கருவியில் பிழையில்லை. கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே தண்ணீர் அந்தச் சூட்டிலேயே கொதித்துவிடும். சரிபார்க்க வேண்டுமென்றால் ஐஸ் கட்டி நிறையப் போட்ட தண்ணீரில் விடுங்கள், 0 காட்ட வேண்டும்.

வடை சுடுவதையும் இதே விஷயம்தான் குழப்புகிறது. வடையின் நடுவில் ஈரம் இருக்கும்வரை அங்கே சூடு 94ஐத் தாண்டாது. கீழ்நாட்டுக் கணக்கில் 175 பாகையில் போட்டால், வெளிப்புறம் சிவந்த பிறகும் உள்ளே பருப்பு வேகாமல் கிடக்கும். இங்கே 165 போதும், எடுக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும்.

இந்தப் பத்துப் பாகை வித்தியாசத்தை மாவுத் துணுக்கு காட்டாது. அடிக்குப் போய் மெல்ல மேலே வந்தால் சூடு பதம், போட்டதும் மிதந்து கருகினால் அதிகம் என்பதோடு அதன் சேதி முடிந்துவிடும். இன்னொன்று, ஐந்து வடையை ஒன்றாகப் போட்டதும் எண்ணெய்ச் சூடு சட்டென்று இறங்கும். அது திரும்ப 165க்கு ஏறியதா என்று பார்த்து அடுத்த ஈட்டைப் போட வெப்பமானிதான் உதவும். முனை தாச்சியின் அடியைத் தொடக்கூடாது, தொட்டால் இரும்பின் சூட்டைத்தான் காட்டும். கருவி இல்லாதவர்கள் முதல் வடையைப் பிட்டுப் பாருங்கள். நடுவில் களிபோல் ஒட்டினால் அடுப்பைக் குறையுங்கள்.

பூரி கதை வேறு. மேல்தோல் இறுகுமுன் உள்ளே ஆவி பிறந்தால்தான் அது உப்பும். மெல்லியது என்பதால் நடு வேகுமா என்ற கவலையில்லை. 180க்கும் 190க்கும் இடையில் எங்கே இருந்தாலும் சரி. கடலையளவு மாவைப் போட்டதும் உடனே மேலெழுந்து, உப்பி, நிறம் மாறாமல் சில விநாடி நின்றால் பூரியை விடலாம். மெதுவாக எழுந்தால் பூரி தட்டையாகக் கிடந்து எண்ணெய் குடிக்கும். ஒவ்வொன்றாகச் சுடுவதால் சூடும் அதிகம் இறங்காது. சிறிய தாச்சியில் வெப்பமானி கரண்டிக்கு இடைஞ்சல்தான்.

இறைச்சிக்கான வெப்பமானி பல வேளைகளில் இவ்வளவு சூட்டுக்கு எட்டாது, வாங்கும்போது 200க்கு மேல் காட்டுமா என்று பாருங்கள். துப்பாக்கி போன்ற கருவி எண்ணெயின் மேற்பரப்பை மட்டுமே அளக்கும், கிளறிவிட்டுத்தான் நம்ப வேண்டும். சுத்திகரிக்காத தேங்காய் எண்ணெய் 175 பாகையை ஒட்டியே புகையத் தொடங்கிவிடும். அதை வடைக்கு வைத்துக்கொண்டு, பூரிக்குச் சுத்திகரித்த எண்ணெயை எடுங்கள்.