யூனிட் வரிசையா, கேள்வி வரிசையா? இ.இ.இ. இன்டர்வியூவுக்கான ரிவிஷன் தாள்

இ.இ.இ. படித்துவிட்டு கோர் கம்பெனி இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள் கையில் வைத்திருக்கும் ரிவிஷன் தாள் பெரும்பாலும் நான்கு வகையில் ஒன்றாக இருக்கும். சீனியரிடமிருந்து வாட்ஸ்அப்பில் வந்த நூறு கேள்வி பி.டி.எஃப்.; வகுப்பு நோட்ஸை யூனிட் வரிசையிலேயே சுருக்கி எழுதியது; ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில் என்று அட்டைகள்; நோட்ஸைக் கலைத்துப் போட்டு, தலைப்பு தலைப்பாகக் கேள்விகளை அடுக்கியது. நான் கடைசியாகச் சொன்னதைத்தான் தேர்ந்தெடுத்தேன். எலெக்ட்ரிக்கல் மெஷின்ஸ் பாடத்தை வைத்தே காரணத்தைச் சொல்கிறேன். கோர் இன்டர்வியூவில் அதிகம் நோண்டப்படுவது அதுதான்.

பி.டி.எஃப். பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. இலவசம், உடனே கிடைக்கும். பதில்கள் பாதியில் நிற்பதுதான் சிக்கல். 'டிரான்ஸ்ஃபார்மரை ஏன் கே.வி.ஏ.வில் குறிக்கிறோம்?' என்ற கேள்விக்கு 'லோடின் பவர் ஃபேக்டர் தெரியாது என்பதால்' என்ற ஒற்றை வரிதான் பலவற்றில் இருக்கும். தவறு இல்லை, ஆனால் போதாது. கோர் லாஸ் வோல்டேஜைப் பொறுத்தது, காப்பர் லாஸ் கரன்டைப் பொறுத்தது, டிரான்ஸ்ஃபார்மர் சூடாவது இந்த இரண்டால்தான், பவர் ஃபேக்டருக்கு அதில் பங்கில்லை என்பதுதான் முழுப் பதில். இது தெரிந்தால் 'ஆல்டர்னேட்டருக்கு ஏன் கே.வி.ஏ.?' என்ற அடுத்த கேள்விக்கும் பதில் கையில் இருக்கிறது. ஒற்றை வரியை மனப்பாடம் செய்தவர் அங்கே நின்றுவிடுவார். பி.டி.எஃப்.பை கேள்விகளின் பட்டியலாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

அட்டை முறையை நான் நீண்ட நாள் வைத்துப் பார்க்கவில்லை. ஃபார்முலா, யூனிட், வரையறை இவற்றை நினைவில் நிறுத்த நன்றாகவே உதவியது. ஃபேசர் டயகிராமோ ஈக்விவலன்ட் சர்க்யூட்டோ வந்தால் அட்டை பத்தவில்லை. பொறுமையாக அட்டைகளைப் பராமரிப்பவர்களுக்கு வேறு அனுபவம் இருக்கலாம்.

ஆக, நிஜமான போட்டி யூனிட் சுருக்கத்துக்கும் தலைப்புவாரிக் கேள்வித் தாளுக்கும்தான்.

யூனிட் சுருக்கம் செய்வது சுலபம். அண்ணா பல்கலைக்கழக சிலபஸில் எப்படியும் ஐந்து யூனிட். 2 மார்க், 13 மார்க் என்று பரீட்சைக்குப் படித்த தடம் நோட்ஸிலேயே இருக்கும். ஒவ்வொரு யூனிட்டையும் இரண்டு மூன்று தாளுக்குள் அடக்கிவிடலாம். எதுவும் விட்டுப்போகாது என்ற நிம்மதியும் உண்டு. எழுத்துத் தேர்வில் கணக்கு போட வேண்டியவர்களுக்கு இதுவே மேல் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டெரிவேஷனும் ஃபார்முலாவும் வரிசையாக இருக்க வேண்டிய இடம் அது.

ஆனால் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பவர் யூனிட் வரிசையில் கேட்பதில்லை. ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டு மெஷின் மெஷினாகத் தாவுவார். 'டி.சி. மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் எதற்கு?' என்று ஆரம்பிப்பார். அது மெஷின்ஸ் ஒன்றில் ஒரு யூனிட். அடுத்து 'டிரான்ஸ்ஃபார்மருக்கு டி.சி. கொடுத்தால்?' என்பார். அது அதே பாடத்தில் வேறு யூனிட். 'இன்டக்‌ஷன் மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது ஏன் அவ்வளவு கரன்ட்?' என்றால் அது மெஷின்ஸ் இரண்டு, வேறு செமஸ்டர், வேறு நோட்டு. அவர் மூன்று முறை கேட்டாலும் கேட்பது ஒன்றைத்தான்: வைண்டிங்கில் கரன்டைக் கட்டுப்படுத்துவது எது?

அதனால் என் தாளின் தலைப்பு 'டி.சி. மோட்டார்' இல்லை, 'கரன்டைக் கட்டுப்படுத்துவது எது' என்பதுதான். அதன் கீழே வந்தவற்றை அப்படியே காட்டுகிறேன். தாளில் இது ஆங்கிலத்தில்தான் இருந்தது, வாயால் சொல்லப்போவது அந்த மொழியில் என்பதால்.

முதல் கேள்வி ஸ்டார்ட்டர். `V = Eb + Ia·Ra` என்று ஒரு வரி. பக்கத்தில் ஒரு சின்னக் கணக்கு: 220 வோல்ட் மோட்டார், ஆர்மேச்சர் ரெசிஸ்டன்ஸ் 0.5 ஓம், முழு லோடில் 20 ஆம்பியர். ஓடும்போது 0.5 ஓமில் விழுவது 10 வோல்ட், மீதி 210 வோல்ட் பேக் இ.எம்.எஃப். ஸ்டார்ட் ஆகும் நொடியில் வேகம் பூஜ்யம், பேக் இ.எம்.எஃப்.பும் பூஜ்யம். 220-ஐ 0.5 ஆல் வகுத்தால் 440 ஆம்பியர், அதாவது முழு லோடைப்போல 22 மடங்கு. 'ஸ்டார்ட்டிங் கரன்ட் அதிகம்' என்று சொல்வதற்கும் இந்தக் கணக்கைச் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் எதிரே இருப்பவர் முகத்திலேயே தெரியும்.

இரண்டாவது, டிரான்ஸ்ஃபார்மருக்கு டி.சி. 'எரிந்துவிடும்' என்பது விளைவு, பதில் அல்ல. ஃப்ளக்ஸ் மாறுவதில்லை, அதனால் எதிர்த்து நிற்க இன்ட்யூஸ்ட் இ.எம்.எஃப். இல்லை, பிரைமரியின் வெறும் ரெசிஸ்டன்ஸ்தான் மிச்சம், அது மிகச் சின்னது. மூன்றாவது, இன்டக்‌ஷன் மோட்டார். ஸ்டார்ட் ஆகும்போது ஸ்லிப் 1, செகண்டரி ஷார்ட் ஆன டிரான்ஸ்ஃபார்மர் மாதிரிதான் அது நிற்கிறது. நேரடியாக லைனில் போட்டால் சாதாரணமாக 5 முதல் 7 மடங்கு கரன்ட் எடுக்கும். 'டி.சி.யில் 22 மடங்கு, இங்கே 7தானா, ஏன்?' என்று கேட்டால், இங்கே லீக்கேஜ் ரியாக்டன்ஸும் சேர்ந்து தடுக்கிறது என்பது பதில். மூன்று கேள்வியும் ஒரே தாளில் இல்லாவிட்டால் இந்தக் கேள்வியே நமக்குத் தோன்றாது. யூனிட் சுருக்கத்தில் இவை மூன்றும் ஒன்றையொன்று பார்த்ததே கிடையாது.

இவ்வளவும் செய்யும்போது கிடைக்கும் லாபம். ஆனால் நான் இந்தப் பக்கம் சாய்ந்ததற்கு முக்கியக் காரணம் தாள் முடிந்த பிறகு வருவது, அதாவது பராமரிப்பு. ரிவிஷன் தாள் முதல் மாக் இன்டர்வியூவிலேயே பழசாகிவிடும். நண்பன் ஒரு கேள்வி கேட்பான், நமக்குத் தெரியாது. வேறு கம்பெனிக்குப் போய்வந்தவள் இன்னொன்று சொல்வாள். அவற்றை எங்கே எழுதுவது?

எனக்கு வந்த ஒன்று: 'ஷன்ட் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது ஃபீல்ட் கழன்றுவிட்டால்?' ஃப்ளக்ஸ் ரெசிடுவல் அளவுக்கு இறங்கும், அதோடு பேக் இ.எம்.எஃப்.பும் விழும், கரன்ட் எகிறும். லோடு குறைவாக இருந்தால் வேகம் ஆபத்தான அளவுக்கு ஏறும். என் தாளில் இது ஸ்டார்ட்டர் கேள்விக்கு நேராக வலது ஓரத்தில் ஏறியது. கொஞ்ச நாளில் அதன் வாலைப் பிடித்து இன்னொன்று: 'அப்போது த்ரீ பாயின்ட் ஸ்டார்ட்டர் என்ன செய்யும்?' அதில் நோ-வோல்ட் காயில் ஃபீல்டோடு சீரிஸில் இருக்கிறது; ஃபீல்ட் அறுந்தால் காயிலும் விடும், கைப்பிடி ஆஃபுக்குத் திரும்பும். 'அப்படியானால் ஃபோர் பாயின்ட் எதற்கு?' வேகத்தைக் கூட்ட ஃபீல்ட் கரன்டைக் குறைத்தால் த்ரீ பாயின்ட்டில் காயிலும் வலுவிழந்து கைப்பிடியைத் தேவையில்லாமல் விட்டுவிடலாம். அதற்காகத்தான் ஃபோர் பாயின்ட்டில் காயிலைத் தனியாகப் பிரித்தார்கள். பிரித்ததால் ஃபீல்ட் அறுந்தால் காப்பாற்றும் வசதி போய்விட்டது.

இந்தச் சங்கிலியை யூனிட் சுருக்கத்தில் செருகிப் பாருங்கள். ஃபீல்ட் கழல்வது ஸ்பீட் கன்ட்ரோல் பக்கத்தில், ஸ்டார்ட்டர் வேறு பக்கத்தில், பேக் இ.எம்.எஃப். முதல் பக்கத்தில். அம்புக்குறி போட்டு இழுத்தால் மூன்றாவது திருத்தத்தில் தாளைப் படிக்க முடியாது. எடுத்து எழுத சோம்பல் வந்து, புதுக் கேள்விகள் போனில் ஒரு நோட்டில் சேரும். அப்புறம் இன்டர்வியூ நாள் காலையில் எதைப் புரட்டுவது என்றே தெரியாது.

அதனால் வடிவத்தையும் பராமரிப்புக்கு ஏற்றபடி வைத்தேன். கோடு போடாத ஏ4 தாள், தனித்தனியாக, ஒரு தலைப்புக்கு ஒன்று, ஃபைலில் கோத்தது. வலது ஓரத்தில் மூன்றில் ஒரு பங்கு காலி. பின்பக்கமும் காலி. முன்பக்கத்தில் ஐந்தாறு கேள்விக்கு மேல் எழுதுவதில்லை. ஒரு தலைப்பு நிரம்பினால் இன்னொரு தாள் செருகலாம், மற்றவை கலையாது. கம்ப்யூட்டரில் செய்தால் திருத்துவது இன்னும் சுலபம்தான், ஆனால் ஈக்விவலன்ட் சர்க்யூட் வரைய எனக்குப் பேனாதான் சரி.

இந்த முறையின் குறைகளும் தெரிந்தவைதான். செய்ய நேரம் அதிகம் பிடிக்கும், ஏனென்றால் இரண்டு செமஸ்டர் நோட்டையும் திறந்து வைத்துக்கொண்டு எது எதோடு சேரும் என்று யோசிக்க வேண்டும். எந்தத் தலைப்பிலும் ஒட்டாத விஷயம் விட்டுப்போகும். ஸ்டெப்பர் மோட்டார், யுனிவர்சல் மோட்டார் எல்லாம் எனக்கு அப்படித்தான் கடைசிவரை தனித் தாளில் 'மற்றவை' என்று கிடந்தன. எனவே முடிந்ததும் சிலபஸை ஒருமுறை எடுத்து வரிக்கு வரி சரிபார்ப்பது அவசியம்.

தாள் சரியாக வரவில்லை என்பதைக் கண்டுபிடிக்கவும் வழி உண்டு. 'டிரான்ஸ்ஃபார்மரை விளக்குக' மாதிரி வரி இருந்தால் அது கேள்வியே அல்ல, யூனிட் தலைப்பு வேஷம் போட்டு வந்திருக்கிறது. பதிலை மூடிக்கொண்டு வாய்விட்டுச் சொல்லும்போது ஒரு நிமிடத்தைத் தாண்டினால், நோட்ஸ் வாக்கியத்தை அப்படியே நகல் எடுத்திருக்கிறோம் என்று அர்த்தம். ஒரு கேள்விக்கு எதிரே வலது ஓரம் வாரக்கணக்கில் காலியாகவே இருந்தால், ஒன்று அது நன்றாகத் தெரியும், அல்லது யாரும் கேட்பதில்லை. நான் அப்படிப்பட்டவற்றைத் தாளின் அடிக்குத் தள்ளிவிட்டேன்.

மென்பொருள் கம்பெனிகளுக்குப் போகிறவர்களுக்கு இதே வாதம் பொருந்துமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. நான் உட்கார்ந்தது கோர் பக்கம் மட்டும். இன்டர்வியூ நாளை மறுநாள் என்றால் இந்த வேலையில் இறங்காதீர்கள். கையில் இருக்கும் யூனிட் சுருக்கத்தை எடுத்துக்கொண்டு, கரன்டைக் கட்டுப்படுத்துவது எது, லாஸ் எதனால் வருகிறது, ஃப்ளக்ஸைத் தீர்மானிப்பது எது என்ற மூன்று தலைப்புக்கு மட்டும் தாள் போடுங்கள். மெஷின்ஸில் நான் எதிர்கொண்ட கேள்விகளில் பெரும்பாலானவை இந்த மூன்றுக்குள் வந்துவிட்டன.