உடன் வேலை பார்ப்பவருக்காக உங்கள் பெயரில் நகையை அடகு வைக்காதீர்கள்

நேற்று மாலை வங்கியின் ஏல அறிவிப்பு பதிவுத் தபாலில் வீட்டுக்கு வந்துவிட்டது. என் மனைவியின் நான்கு பவுன் வளையல்கள் என் பெயரில் அடகில் இருக்கின்றன. அதன்மேல் வாங்கிய ரூ.1,40,000-இல் ஒரு ரூபாயைக்கூட நான் செலவழிக்கவில்லை.

திருநெல்வேலி டவுனில் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எதிர் மேசையில் இருக்கும் மூத்தவரை எல்லோரையும் போல நானும் அண்ணாச்சி என்றே அழைப்பேன். முதலில் ரூ.500 கேட்டார், பிறகு ரூ.2,000, பிறகு ரூ.10,000. ஒவ்வொன்றையும் சொன்ன தேதிக்கு முன்பே திருப்பித் தந்தார், ஆனால் தந்த நான்கைந்து நாளில் அடுத்ததைக் கேட்பார். என் தாயார் ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தபோது என் பேரேட்டையும் சேர்த்து எழுதி முடித்தவர் அவர்தான் என்பதால், இல்லை என்று சொல்லத் துணிந்து போன நாட்களிலும் அவர் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சொல்லை விழுங்கிவிட்டேன்.

சென்ற ஆவணியில், தம் நகை ஏலத்துக்கு வந்துவிட்டதென்றும், அதை மீட்டு வேறிடத்தில் கூடுதலாக வைத்துப் பதினைந்தே நாளில் என் நகையைத் திருப்பித் தருவதாகவும் சொன்னார். அந்த ஏல அறிவிப்பைக் காட்டுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கையில் இறுகிக் கிடந்த வளையல்களை என் மனைவி சோப்பு நுரை போட்டுக் கழற்றித் தந்தாள். ரொக்கமாகவே வேண்டும் என்றார், ரூ.1,40,000-ஐ வங்கி வாசலிலேயே அவர் கையில் எண்ணிக் கொடுத்தேன். "யார்ட்டயும் சொல்லாதீக தம்பி" என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

பதினைந்து நாள் தீபாவளியாயிற்று, பிறகு பொங்கலாயிற்று, பிறகு "ஆனித் தேரோட்டம் முடியட்டும் தம்பி" என்றார். தேரும் நிலைக்கு வந்தபின் கேட்டபோது, "நாலு பேருக்கு முன்னால கேக்கியளே, உங்க அம்மைக்காக நான் பார்த்ததெல்லாம் மறந்துபோச்சா?" என்று குரலை உயர்த்தினார்.

அன்று அதைக் கேட்டுக்கொண்டிருந்த மற்றொருவர் மாலையில் என்னைத் தனியே அழைத்து, தமக்கும் ரூ.60,000 வரவேண்டும் என்றார். விசாரித்தால், எங்கள் பிரிவிலேயே நான்கு பேர். தேதிகளை ஒப்பிட்டபோதுதான் எனக்கு விளங்கியது: எனக்கு ரூ.10,000 திரும்பி வந்த நாளுக்கு முந்தைய நாள், என்னை அழைத்துப் பேசியவரிடம் அண்ணாச்சி ரூ.15,000 வாங்கியிருக்கிறார். ஒருவர் பணத்தால் இன்னொருவரிடம் நாணயத்தைச் சம்பாதித்திருக்கிறார். எங்களை வாய் திறக்கவிடாமல் வைத்ததும் அதற்காகத்தான்.

வங்கிக் கணக்கில் கடனாளி நான்தான். வட்டியும் சேர்த்து நானே கட்டினால்தான் வளையல்கள் திரும்பும். அவரிடம் ரூ.1,40,000 கொடுத்ததற்கு என் கையில் ஒரு சீட்டுகூட இல்லை.

கொடுத்தே ஆகவேண்டுமென்றால் வங்கிக் கணக்கு வழியாக அனுப்புங்கள், புரோநோட்டு எழுதி வாங்குங்கள். தவணை வைக்காத கைக்கடனுக்குக் கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போடவேண்டும். யாரிடமும் சொல்லாதே என்று கேட்டால், அன்றே பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். இப்போது இதற்கு மேல் எழுத முடியவில்லை, திங்கட்கிழமைக்குள் வட்டிப் பணத்தையாவது புரட்டவேண்டும்.