எந்தக் கிழமை என்று எழுதட்டும், மேடம்?

காசிமேட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கிய மீன்கார அம்மா நீட்டிய சீட்டில் நான்கு வரிகள். மூன்றாவது வரி மெத்தோட்ரெக்சேட் 7.5 மில்லிகிராம், இரவு ஒன்று. அதன் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி, 4 என்ற எண், டபிள்யூ எழுத்து. அவ்வளவுதான்.

நான்கு வாரத்துக்குத் தினமும் இரவு ஒன்று என்றும் அதைப் படிக்கலாம். அப்படியானால் 28 மாத்திரை. வாரம் ஒன்று வீதம் நான்கு வாரம் என்றும் படிக்கலாம்; அப்படியானால் 4 மாத்திரை. விரல் மூட்டெல்லாம் வீங்கியிருந்தது, மூட்டுவாதத்துக்குத்தான் இந்த மருந்து என்பது பார்த்தவுடன் தெரிந்தது. மூட்டுவாதத்துக்கு இதை வாரம் ஒரு முறைதான் கொடுப்பார்கள். தினமும் விழுங்கினால் வாய்ப்புண்ணில் தொடங்கி, ரத்த அணுக்கள் சரிந்து, உயிருக்கே உலை வைக்கும். எனக்கு விடை தெரியும்தான். ஆனாலும் கத்தரியை எடுத்து அட்டையை வெட்டுவதற்கு முன்னால் எழுதியவரிடம் கேட்டே ஆக வேண்டும்.

எப்படிக் கேட்பது? வடசென்னையில் பல ஆண்டுகளாக மருந்துக் கடை நடத்துகிற என் கையில் மூன்று வழிகள் உண்டு.

நோயாளியையே திருப்பி அனுப்புவது முதல் வழி. நான் அதைக் கைவிட்டுவிட்டேன். மறுபடி டோக்கன், மறுபடி ஆட்டோக் காசு என்பது ஒரு பக்கம். நாம் "இந்த வரியை மட்டும் கேட்டு வாருங்கள்" என்று சொல்லி அனுப்புவது டாக்டரின் காதில் "கடைக்காரர் நீங்கள் எழுதியது தப்பு என்கிறார்" என்று போய் விழுவது இன்னொரு பக்கம். மனத்தாங்கல் அங்கேதான் பிறக்கிறது.

இரண்டாவது, தொலைபேசி. அவசரம் என்றால் அதுவேதான். காய்ச்சல் குழந்தையின் சிரப் அளவு தெரியவில்லை என்றால் செய்தி அனுப்பிவிட்டுக் காத்திருக்க முடியாது. ஆனால் மாலை ஏழு மணிக்கு எதிரே ஒரு நோயாளி உட்கார்ந்திருக்கும்போது அழைத்தால், அவர் முன்னிலையில் "கையெழுத்து புரியவில்லை" என்ற பேச்சைக் கேட்கும் டாக்டருக்குச் சுருக்கென்றுதான் இருக்கும். சீட்டும் அவர் கண்முன் இல்லை. நினைவிலிருந்து ஏதோ சொல்வார். பதினைந்தும் ஐம்பதும் ஆங்கிலத்தில் தொலைபேசி வழியே ஒரே மாதிரி கேட்கும் என்பதைக் கடையில் நிற்கும் எவரும் சொல்வார்கள்.

மூன்றாவது, வாட்ஸ்அப் செய்தி. என் சாய்வு இந்தப் பக்கம்தான். பதில் எழுத்தில் நிற்கிறது, சீட்டின் படத்தை அவரே பார்க்கிறார், ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் பதில் போடுகிறார். (நோயாளியின் பெயரைக் கட்டைவிரலால் மறைத்துவிட்டு அந்த ஒரு வரியை மட்டும் படமெடுப்பேன்.) ஆனால் செய்தி அனுப்புவதிலும் நல்ல வழி, கெட்ட வழி என்று இரண்டு உண்டு. என்ன பதில் வரும்படி கேட்கிறோம் என்பதுதான் அதைத் தீர்மானிக்கிறது. மரியாதைச் சொற்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு முறை தைராக்சின் சீட்டு வந்தது. மை பரவி, 25 மைக்ரோகிராமா 75 மைக்ரோகிராமா என்று தெரியவில்லை. "சார், இது 25ஆ, 75ஆ?" என்று அனுப்பினேன். இரவு கடை சாத்தும் நேரத்தில் பதில் வந்தது: உயர்த்திய கட்டைவிரல் படம். எதற்கு உயர்த்தினார்? மீண்டும் கேட்கக் கூச்சமாக இருந்தது. அடுத்த முறை அதே சிக்கல் வேறொருவர் சீட்டில் வந்தபோது, ஒரே சொல்லில் முடியட்டும் என்று "சார், 25 தானே?" என்று கேட்டேன். "ஆமாம்" என்றார். மறுமாதம் ரத்தப் பரிசோதனையில் தைராய்டு அளவு கட்டுக்குள் வரவில்லை. "நான் எழுதியது 75. யார் 25 கொடுத்தது?" என்று டாக்டர் கேட்டனுப்பினார். அவர் எழுதிய ஆமாம் என் கைப்பேசியில் இருந்தது. அதைக் காட்டி என்ன பயன்? கேள்வியிலேயே பதிலை ஊட்டிவிட்டவன் நான்.

அதன்பின் எண்ணில் சந்தேகம் என்றால் நான் எந்த எண்ணையும் சொல்வதில்லை. படத்தை அனுப்பி, "மருந்தின் அளவை மட்டும் எண்ணில் தட்டச்சு செய்து அனுப்ப முடியுமா, சார்?" என்று கேட்கிறேன். கட்டைவிரல் அந்தக் கேள்விக்குப் பதிலாகவே முடியாது.

மெத்தோட்ரெக்சேட் கொஞ்சம் வேறு. அங்கே எண்ணில் சந்தேகமில்லை, எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பதில்தான். "தினமுமா, வாரத்துக்கு ஒரு முறையா?" என்று கேட்டால், தவறு செய்துவிட்டீர்களா என்று கேட்பது போலிருக்கும், பதிலுக்குக் கட்டைவிரலும் வரலாம். அதனால் அன்று இப்படி எழுதினேன்:

"வணக்கம் மேடம். மருந்துக் கடையிலிருந்து. இன்று மாலை வந்த 58 வயது அம்மா, கைமூட்டு வீக்கம். மெத்தோட்ரெக்சேட் 7.5 வாரம் ஒன்று வீதம் 4 மாத்திரை என்று எடுத்துக்கொள்கிறேன். உறை மேல் எந்தக் கிழமை என்று எழுதட்டும்? மற்ற மருந்துகளைக் கொடுத்துவிட்டேன். இது மட்டும் உங்கள் பதிலுக்காக வைத்திருக்கிறேன்."

நான் படித்ததை இங்கே சொல்லிவிட்டேன்தான். ஆனால் ஆமாம் என்றால் போதாது, அவர் ஒரு கிழமையைச் சொல்லியாக வேண்டும். கிழமையைச் சொல்பவர் வாரம் ஒரு முறை என்பதை மனத்தில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார். தவறு யாருடையது என்ற பேச்சே எழவில்லை. தாமதமும் இல்லை, வாரம் ஒரு முறை போடும் மாத்திரை ஒரு ராத்திரி காத்திருக்கலாம். அந்த அம்மாவின் பேரன் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிட்டேன்.

மருத்துவமனை வார்டில் இது செல்லுமா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. நான் தெருமுனைக் கடைக்காரன். வாட்ஸ்அப்பில் தொழில் பேச விரும்பாத டாக்டர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இன்றும் தொலைபேசிதான். கேட்டதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொள்கிறேன். சீட்டைத் தெளிவாக, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016இலேயே மருத்துவர்களுக்கான விதியைத் திருத்தினார்கள். மூன்றாவது வரிக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

அரை மணியில் பதில் வந்தது. "சனி இரவு. ஃபோலிக் ஆசிட் ஞாயிறு இரவு மட்டும்."

இரண்டாவது வாக்கியத்தைப் படித்ததும் நெற்றியில் அறைந்துகொண்டேன். நான்காவது வரியில் ஃபோலிக் ஆசிட் 5 மில்லிகிராமுக்குப் பக்கத்திலும் அதே 4, அதே டபிள்யூ. கெடுதல் செய்யாத மாத்திரை என்ற அசட்டையில் அதைக் கேட்காமலேயே 28 கொடுத்து அனுப்பியிருந்தேன். பேரனை அழைத்து, அதைத் தொடாமல் காலையில் எடுத்து வரச் சொன்னேன்.

காலையில் பேரனோடு அந்த அம்மாவே வந்தார். 24 மாத்திரையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, உறைகளில் சனி, ஞாயிறு என்று எழுதிக் கொடுத்தேன். பேரன் படித்துச் சொன்னதும் அவர் முகம் சுருங்கியது. "சனி ராத்திரி போட்டால் மறுநாள் அசதியாக இருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். ஞாயிறுதானே அய்யா எனக்கு வியாபாரம்?"

மறுபடி ஒரு செய்தி அனுப்பினேன். "செவ்வாய் இரவு. ஃபோலிக் புதன்" என்று பதில் வந்தது. பழைய உறைகளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிய உறைகளில் எழுதினேன்.