ஒரே ஆய்வு, இரண்டு சுருக்கங்கள்: எதைப் போஸ்டருக்கு அனுப்புவது?

டர்பனில் எங்கள் வீட்டு மேசைக்கு ஆண்டுதோறும் யாராவது ஒரு மாணவர் தம் ஆய்வுச் சுருக்கத்தோடு வந்து விடுவார். மாநாட்டுக்கு அனுப்பப்படுவது ஆங்கிலத்தில்தான் என்றாலும், முதலில் அதைத் தமிழில் எழுதிப் பார்க்கச் சொல்வது என் வழக்கம். அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். இங்கே ஒரே ஆய்வுக்கு எழுதக்கூடிய இரண்டு சுருக்கங்களை அருகருகே வைத்துப் பார்க்கிறேன். எண்கள் அனைத்தும் பயிற்சிக்காக நானே அமைத்தவை; எந்த உண்மையான ஆய்விலிருந்தும் எடுத்தவை அல்ல.

பொருள் குவாசூலு-நட்டாலில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வயலில் கரும்பை எரித்து, வெட்டி, ஆலைக்கு அனுப்புகிறார்கள். எரித்த நேரத்திலிருந்து அரைவை வரை ஆகும் தாமதத்தில் கரும்பிலுள்ள சர்க்கரை சிதையத் தொடங்குகிறது. விவசாயிக்குப் பணம் கொடுக்கப்படுவது ஆர்.வி. என்னும் அளவை வைத்து. அது கரும்பிலுள்ள சர்க்கரையிலிருந்து, நார்ப்பொருளும் பிற கரைபொருள்களும் உண்டாக்கும் இழப்பைக் கழித்துக் கணக்கிடப்படுவது. தாமதம் கூடினால் ஆர்.வி. சதவீதம் எவ்வளவு வேறுபடுகிறது என்பதே கேள்வி.

சுருக்கம் அ:

"கரும்பு எரிப்புக்கும் அரைவைக்கும் இடையிலான தாமதம் ஆர்.வி.யைப் பாதிக்கிறதா என்று 86 லோடுகளைக் கொண்டு ரெக்ரஷன் முறையில் ஆராய்ந்தோம். தாமதம் ஆர்.வி.யை குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கிறது (p = 0.001, R² = 0.31). மாதிரி அளவு சிறியது என்பது இந்த ஆய்வின் வரம்பு. மேலும் ஆய்வுகள் தேவை."

சுருக்கம் ஆ:

"14 விவசாயிகளின் 86 லோடுகளில், எரிப்புக்கும் அரைவைக்கும் இடையிலான தாமதம் 18 முதல் 90 மணி நேரம் வரை இருந்தது. கரும்பு வகை, வயது, அன்றைய வெப்பநிலை ஆகியவற்றைச் சமன்செய்த பின், 24 மணி நேரம் கூடுதலாகத் தாமதமான லோடுகளில் ஆர்.வி. சராசரியாக 0.2 சதவீதப் புள்ளி குறைவாக இருந்தது (95% நம்பிக்கை இடைவெளி: 0.05 முதல் 0.35 வரை). எரிப்பு நேரம் விவசாயிகள் சொன்னதே; தாமதமானவர்கள் தாமதத்தைக் குறைத்துக் காட்டும்படி சொல்லியிருந்தால், இந்த மதிப்பீடு உண்மையைவிடப் பெரிதாக இருக்கும்."

இரண்டாவது நீளமானது. "அண்ணே, இவ்வளவும் எழுத இடமில்லையே" என்பதுதான் எப்போதும் முதல் மறுப்பு. ஆனால் முதல் சுருக்கத்தில் ஆய்வு செய்வதற்கு முன்பே எழுதியிருக்கக்கூடிய சொற்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால், 86, 0.001, 0.31 என்ற மூன்று எண்களைத் தவிர மற்ற அனைத்தும் அந்தப் பட்டியலில் வந்துவிடும்.

முடிவு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். p மதிப்பு, தாமதத்துக்கும் ஆர்.வி.க்கும் தொடர்பே இல்லாதிருந்தால் இத்தகைய தரவு கிடைப்பது எவ்வளவு அரிது என்பதை மட்டும் சொல்கிறது. இழப்பு ஒரு பிடியா ஒரு மூட்டையா என்பதைச் சொல்வதில்லை. ஆர்.வி.யின் வேறுபாட்டில் எவ்வளவு பங்கை ரெக்ரஷன் விளக்குகிறது என்று சொல்லும் R² இன்னும் ஏமாற்றும், ஏனெனில் அந்த 0.31-இல் பெரும்பங்கு கரும்பு வகையிலிருந்தோ வயதிலிருந்தோ வந்திருக்கலாம். ஆலை மேலாளருக்கு வேண்டியது 24 மணி நேரத்துக்கு 0.2 என்று சொல்லும் கெழு, அதன் அலகு, அதைச் சுற்றிய நம்பிக்கை இடைவெளி ஆகியவையே. 30 டன் லோடு ஒன்றுக்கு 0.2 சதவீதப் புள்ளி என்பது 60 கிலோ. இடைவெளியின் இரு முனைகளையும் அப்படியே மாற்றினால் 15 கிலோவும் 105 கிலோவும் வருகின்றன. வண்டியை இரவிலேயே அனுப்ப வேண்டுமா என்று முடிவெடுக்க இது போதும். அலகையும் கவனிக்க வேண்டும்: இதையே ஒரு மணி நேரத்துக்கு 0.008 என்று எழுதினால், கணக்கு சரியாகவே இருந்தும் படிப்பவர் அதை ஒன்றுமில்லை என்று கடந்து போவார். 'சதவீதப் புள்ளி' என்பதில் 'புள்ளி'யை மட்டும் எக்காரணம் கொண்டும் வெட்டக் கூடாது. 12 சதவீதத்திலிருந்து 0.2 சதவீதம் என்று படிப்பவர் 0.024 என்று கணக்கிட்டுவிடுவார்.

அடுத்தது வினைச்சொல். தமிழில் எழுதிப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான். 'குறைக்கிறது' என்றால் தாமதமே செய்த வேலை என்று பொருள். 'குறைகிறது' என்றால் ஒரே கரும்பை நேரம் செல்லச் செல்ல அளந்ததாகத் தோன்றும். நாம் செய்ததோ, வெவ்வேறு லோடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டது. அதற்கு ஏற்ற சொல் 'குறைவாக இருந்தது' என்பது மட்டுமே. தாமதமாக வருபவர்கள் ஆலைக்குத் தொலைவில் இருப்பவர்களாகவும், வேறு மண்ணில் பயிரிடுபவர்களாகவும் இருக்கலாம். சர்க்கரை சிதைவது வேதியியலில் நிறுவப்பட்ட உண்மை என்றாலும், இந்த 0.2 முழுவதும் அதனால் வந்தது என்று இந்தத் தரவு காட்டவில்லை.

எண்ணிக்கையிலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. முதல் சுருக்கம் 86 லோடுகளையும் தனித்தனிச் சான்றுகளாக எடுத்துக்கொண்டது. ஒரே விவசாயியின் ஆறு லோடுகள் ஒன்றைப்போல் ஒன்று இருக்கும் என்பதால், விவசாயிவாரித் தொகுப்பைக் கணக்கில் கொண்டு திட்டப்பிழையைத் திருத்தினால், கெழு அப்படியே நிற்க, இடைவெளி பெரும்பாலும் அகலும். P மதிப்பும் 0.001-இல் நிற்காது. "14 விவசாயிகளின்" என்ற இரண்டே சொற்கள், சான்று எவ்வளவு பரந்தது என்பதைப் படிப்பவருக்கு உணர்த்திவிடுகின்றன.

வரம்பு வாக்கியத்தில்தான் இரண்டுக்குமான வேறுபாடு மிகப் பெரிது. 'மாதிரி சிறியது' என்பதை நம்பிக்கை இடைவெளியின் அகலம் ஏற்கெனவே சொல்லிவிட்டது; மறுபடி சொல்வது இடத்தை வீணடிப்பது. சொல்ல வேண்டியது, இடைவெளிக்குள் அடங்காத பிழை எது, அது முடிவை எந்தப் பக்கம் தள்ளும் என்பதே. எரிப்பு நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விவசாயி அதைத் தோராயமாக நினைவுகூர்ந்து, சிலமுறை முன்னதாகவும் சிலமுறை பின்னதாகவும் சொன்னால், அந்தப் பிழை கெழுவைப் பூச்சியத்தை நோக்கி இழுக்கும். உண்மை இழப்பு 0.2-ஐவிடக் கூடுதலாக இருக்கும். ஆனால் தாமதத்துக்குக் கண்டிப்பு வரும் என்று அஞ்சி, 80 மணி நேரத்தை 60 என்று சொன்னால் கதை தலைகீழாகும்: தாமதத்தின் பரப்பு சுருங்கும், அதே ஆர்.வி. வேறுபாடு குறைந்த மணி நேரத்தின் மீது ஏறும், கெழு பெரிதாகும். 'அளவீட்டுப் பிழை முடிவைக் குறைத்தே காட்டும்' என்று பாடமாக எழுதும் பழக்கம் பலரிடம் உண்டு. அது முதல் வகைப் பிழைக்கு மட்டுமே பொருந்தும். எது நடந்திருக்கும் என்பதை வயலில் நின்று பதிவேட்டை எழுதியவரிடம் கேட்டால்தான் தெரியும். ஒரு வழி, விவசாயி சொன்ன நேரங்கள் 6, 12, 18 மணி என்று முழுசாக நிற்கின்றனவா என்று பார்ப்பது. அப்படி நின்றால் தோராயம் என்று ஐயப்படலாம். ஒரு சில வயல்களுக்காவது எரிப்பு நேரம் வேறு பதிவில் இருந்தால், இரண்டையும் ஒப்பிடுவது அதைவிட நல்லது.

தலைப்புகளிட்டுப் பிரிப்பதா, ஒரே பத்தியாக எழுதுவதா என்பதை மாநாடே முடிவு செய்துவிடும். அதில் மல்லுக்கட்ட வேண்டாம்.

சொல் வரம்பு மிகவும் இறுக்கமாக இருந்தால், நான் முதலில் வெட்டுவது 'மேலும் ஆய்வுகள் தேவை' என்பதையும் R²-ஐயும். பிறகு 'ரெக்ரஷன் முறையில் ஆராய்ந்தோம்' என்பதை. 'சமன்செய்த பின்' என்ற சொல்லும் கெழுவும் இருக்கும்போது முறை தானே விளங்கும். 18 முதல் 90 மணி நேரம் என்ற எல்லையை விட்டுவிட மாட்டேன், ஏனென்றால் அது போனால் யாராவது ஒருவர் கெழுவை ஐந்து நாள் தாமதத்துக்கும் பெருக்கிப் பார்த்துவிடுவார்.