தாமதத்தை அறிவிக்கும் மூன்று கடிதங்கள்: நுவரெலியாக் கட்டட வேலை ஒன்றை முன்வைத்து

மலையகத்தில் கட்டட வேலை எடுக்கும் ஒப்பந்தக்காரர்கள் வேலை பிந்தும்போது உரிமையாளருக்கு எழுதும் கடிதங்கள் பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கிவிடுகின்றன. ஒன்று பூசி மெழுகும் சிறு செய்தி. மற்றொன்று காரணங்களை அடுக்கும் நீண்ட விளக்கம். மூன்றாவது, எத்தனை நாள் யாரால் பிந்தியது என்று பிரித்துக் காட்டி, மீட்கும் வழியையும் முன்வைத்து, ஒரு தீர்மானத்தைக் கேட்கும் கடிதம். இம்மூன்றையும் ஒரே நிலைமைக்கு எழுதிப் பார்த்தால்தான் அவற்றின் வேறுபாடு தெளிவாகப் புலப்படும் என்பதால், ஒரு மாதிரி வேலையை எடுத்துக்கொள்வோம்.

நுவரெலியாவுக்கு அருகே, சரிவை வெட்டிச் சமப்படுத்திய காணியில் இரண்டு மாடி விருந்தினர் விடுதி ஒன்று எழுகிறது. உரிமையாளர் கொழும்பில் வசிக்கிறார். ஒப்பந்தப்படி மார்ச் 15இல் கட்டடம் கையளிக்கப்பட வேண்டும். நுவரெலியாவின் ஏப்ரல் வசந்தகாலத்தில் விருந்தினரை ஏற்க வேண்டும் என்பதே அவருடைய கணக்கு. டிசம்பர் 20இல் மேல்மாடிக் கொங்கிரீட் தட்டு போடப்பட்டிருக்க வேண்டும். ஆனால் டிசம்பர் 2இல் கட்டடத்தின் பின்புற மண்மேடு சரிந்தது. அதிகாரிகள் பார்வையிட்டு அனுமதி தரும்வரை வேலை நிறுத்தப்பட்டு, மண்ணும் அகற்றப்பட்டு, டிசம்பர் 16இல்தான் மீண்டும் தொடங்கியது. அந்த இடைவெளியில் தட்டுக்கான கம்பிக்கு ஓடர் கொடுத்திருக்கலாம், ஒப்பந்தக்காரர் கொடுக்கவில்லை. 16ஆம் திகதி கொடுத்த ஓடருக்குக் கம்பி 25ஆம் திகதி வந்து சேர்ந்தது. தட்டு போடும் நாள் ஜனவரி 12க்குப் போய்விட்டது. மொத்தம் 23 நாள். எதுவும் செய்யாமல் விட்டால் கையளிப்பு ஏப்ரல் 7இல் முடியும்.

முதல் வகைக் கடிதம் இப்படி இருக்கும்:

"மதிப்பிற்குரிய ஐயா, தொடர் மழை காரணமாக வேலைகள் சற்றுத் தாமதமடைந்துள்ளன என்பதை அறியத்தருகிறோம். கூடிய விரைவில் வேலைகளை முடித்துத் தருவோம். தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி."

இதில் அப்பட்டமான பொய் என்று சுட்டிக்காட்ட ஒரு வரியும் இல்லை. ஆனால் உரிமையாளர் எதைச் செய்ய வேண்டும் என்பதற்கும் ஒரு வரி இல்லை. ஏப்ரல் முதல் வாரத்துக்கு முற்பதிவு எடுப்பதா, தளபாடங்களுக்கு முற்பணம் கட்டுவதா, சமையல்காரரை எப்போது வேலைக்கு வரச் சொல்வது என்ற தீர்மானங்கள் அவர் கையில் இருக்கின்றன. "சற்று" என்ற சொல்லை வைத்துக்கொண்டு அவற்றுள் எதையும் எடுக்க முடியாது. இன்னொரு பலவீனம் "மழை" என்ற காரணம். மலையகத்தில் நவம்பர், டிசம்பரில் மழை பெய்யும் என்பது உரிமையாளருக்கும் தெரியும். வேலைத்திட்டம் போடும்போதே அதற்கு நாள் ஒதுக்கியிருக்க வேண்டும் என்று அவர் சொன்னால் மறுக்க இடமில்லை. உண்மையில் வேலையை நிறுத்தியது பொதுவான மழை அன்று, குறித்த நாளில் நடந்த சரிவு. அதைச் சொல்லாமல் விட்டதால், ஒப்பந்தக்காரர் தமக்கு நியாயமாகக் கிடைக்க வேண்டிய கால நீடிப்பையே பலவீனப்படுத்திக்கொள்கிறார்.

இரண்டாம் வகை நேர்மையானதாகத் தோன்றும், எழுதுபவரும் அப்படித்தான் நம்புவார். மண்மேடு சரிந்தது, அதிகாரிகள் வர நாளானது, லொறி மேலே ஏற முடியவில்லை, கம்பிக் கடையில் இருப்பு இல்லை, கூலியாட்கள் ஊருக்குப் போய்விட்டார்கள் என்று இரண்டு பக்கம் நீளும். நடந்தவை எல்லாம் உண்மை. ஆனால் எந்தக் காரணத்துக்கு எத்தனை நாள் என்று பிரிக்கப்படாததால், ஒப்பந்தக்காரரின் தவறும் இயற்கையின் தடையும் ஒரே குவியலாகிவிடுகின்றன. படிக்கும் உரிமையாளர் அந்தக் குவியலில் கம்பியைக் கண்டதும், மற்றவற்றையும் சாக்கு என்றே எடுத்துக்கொள்வார். மேலும் அந்த இரண்டு பக்கமும் கடந்த காலத்தைப் பற்றியவை. ஏப்ரலில் திறக்க முடியுமா என்பதற்கு அதில் விடை இல்லை.

மூன்றாம் வகையின் முதல் பந்தியே அந்த விடையுடன் தொடங்குகிறது:

"மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் விடுதிக் கட்டடத்தை மார்ச் 15இல் கையளிக்க முடியாது என்பதை வருத்தத்துடன் அறியத்தருகிறேன். கீழே குறிப்பிடும் முதலாவது வழியைத் தாங்கள் ஏற்றால் மார்ச் 29இல் முழுக் கட்டடமும் கையளிக்கப்படும். மொத்தத் தாமதம் 23 நாள். அதில் 14 நாள், டிசம்பர் 2 முதல் 16 வரை, மண்மேடு சரிந்து வேலை நிறுத்தப்பட்டதால் ஏற்பட்டது. திகதியிட்ட படங்களும் அதிகாரிகளின் கடிதப் பிரதியும் இணைக்கப்பட்டுள்ளன. எஞ்சிய 9 நாள், கம்பியை உரிய நேரத்தில் நாங்கள் வரவழைக்காததால் ஏற்பட்டது. அதற்கு நாங்களே பொறுப்பு."

கடைசி வாக்கியத்தை எழுதத்தான் பலரும் தயங்குகிறார்கள். ஆனால் அந்த ஒன்பது நாளைத் தம் பக்கம் ஏற்றுக்கொள்வதனால்தான் பதினான்கு நாளுக்கான கோரிக்கைக்கு வலு சேருகிறது. கணக்கும் அதனால் நேராகிறது. மார்ச் 15உடன் 14 நாளைச் சேர்த்தால் மார்ச் 29 வருகிறது. அதுவே ஒப்பந்தக்காரர் நியாயமாகக் கேட்கக்கூடிய புதிய திகதி. அதற்கு மேற்பட்ட ஒன்பது நாளைத் தமது செலவில் மீட்க வேண்டியது அவர் கடமை. அதற்கும் முன்னதாகக் கட்டடம் வேண்டும் என்று உரிமையாளர் விரும்பினால், அந்த மேலதிக வேகத்தின் செலவு அவருடையது. யார் எதற்குப் பணம் தருவது என்ற வாக்குவாதம் இந்தப் பிரிப்பிலேயே பெரிதும் தீர்ந்துவிடுகிறது.

கடிதத்தின் நேரமும் இதனோடு சேர்ந்தது. பொறியியல் ஆலோசகர்களின் சர்வதேசக் கூட்டமைப்பான பிடிக் அமைப்பின் 1999ஆம் ஆண்டு மாதிரி ஒப்பந்தத்தைப் பின்பற்றும் ஒப்பந்தங்களில், காரணமான நிகழ்வை அறிந்து 28 நாளுக்குள் எழுத்தில் அறிவிக்காவிட்டால் கால நீடிப்பு உரிமையே போய்விடும். சரிவு டிசம்பர் 2இல் நடந்ததால், எல்லை டிசம்பர் 30. மீட்புத் திட்டம் முழுமையாகத் தயாராகட்டும் என்று ஜனவரி வரை காத்திருப்பவர் நல்லெண்ணத்துடனேயே தம் உரிமையை இழந்துவிடலாம். ஆகவே சரிவு நடந்த ஓரிரு நாளிலேயே தொலைபேசியில் சொல்லி, சிறு அறிவித்தல் ஒன்றையும் அனுப்பிவிட்டு, முழுக் கடிதத்தை 26ஆம் திகதி வாக்கில் அனுப்புவது சிறந்தது. வாட்ஸ்அப் படங்கள் சான்றாக உதவும். ஒப்பந்தம் கடிதம் என்று கேட்டால் அவை கடிதத்துக்கு ஈடாகா.

இனி மீட்புத் திட்டம். இங்கும் இரண்டு வழிகள் எதிரெதிராக நிற்கின்றன.

முதலாவது, முழுக் கட்டடத்தையும் வேகப்படுத்துவது. தட்டு போட்ட பின் மேல்மாடிச் சுவர்களை ஒரு மேசன் குழுவுக்குப் பதில் இரண்டு குழுக்கள் எழுப்பினால் 6 நாள் குறையும். கதவு, ஜன்னல் நிலைகளை இப்போதே பட்டறையில் செய்து முடித்து, சுவர் எழும்பும்போதே பொருத்தினால் 3 நாள் குறையும். ஆக 9. இதற்கு மேல், தரை ஓடு பதிக்கும் வேலையை ஞாயிற்றுக்கிழமைகளிலும் செய்து 4 நாளை மீட்டு மார்ச் 25இல் கையளிக்கலாம். அந்த மேலதிகக் கூலி எவ்வளவு என்பதைக் கடிதத்தில் தனி வரியில் எழுதி, உரிமையாளரின் விருப்பத்துக்கு விட வேண்டும்.

இரண்டாவது, பகுதி பகுதியாகக் கையளிப்பது. ஆட்களைக் கூட்டாமல், கீழ்த்தளத்தை மார்ச் 24இலும் மேல்தளத்தை ஏப்ரல் 7இலும் கொடுப்பது. கீழ் அறைகளில் முற்பதிவு எடுக்கலாம் என்பது பார்வைக்குக் கவர்ச்சியானது. ஆனால் மேலே டிரில் இரைச்சலும், படிக்கட்டில் சீமெந்துத் தூசியும், வாசலில் சாரமும் இருக்கும்போது கீழே விருந்தினர் தங்குவார்கள். அவர்களுள் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால் பொறுப்பு யாருடையது என்பதை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டியிருக்கும். அதோடு, ஒன்பது நாள் தாமதம் மேல்தளத்துக்கு அப்படியே நிற்பதால், ஒப்பந்தத்திலுள்ள தாமத நட்டஈடு பொருந்தும் என்பதையும் ஒப்பந்தக்காரர் மறைக்காமல் சொல்ல வேண்டும். என் கருத்தில் முதலாவதே பரிந்துரைக்கத் தக்கது. இரண்டாவதை, ஜனவரியில் மீண்டும் சரிவு ஏற்பட்டு வேலை நின்றால் பயன்படுத்தும் மாற்றாகக் கடிதத்தில் குறிப்பிட்டால் போதும். நான்கைந்து வழிகளைக் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்வது, தீர்மானிக்கும் சுமையைக் கட்டட வேலை அறியாத ஒருவர் தலையில் இறக்கிவிடுவதாகும்.

மீட்புத் திட்டம் உண்மையானதா என்பதை, அது எந்த நாட்களைத் தொடாமல் விட்டிருக்கிறது என்பதைக் கொண்டு அறியலாம். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி அதிகாலைகளில் புல்மேல் பனி உறையும் அளவுக்குக் குளிர் இறங்கும். குளிரில் கொங்கிரீட் மெதுவாகவே வலுப்பெறும். ஜனவரி 12இல் போட்ட தட்டின் முட்டுகளைப் பெப்ரவரி 2க்கு முன் எடுக்கமாட்டோம் என்று கடிதம் சொன்னால், அது 21 நாள் என்று உரிமையாளரே எண்ணிக்கொள்ளலாம். சுவர்ப்பூச்சு காய்வதற்கும் அப்படியே. ஏறத்தாழ நான்கு வாரம் காய விடாமல் வர்ணம் அடித்தால், ஏப்ரலில் விருந்தினர் வந்து தங்கும்போது வர்ணம் கொப்புளித்து, மூலைகளில் கரும்பூஞ்சணம் படர்ந்திருக்கும். முட்டு நிற்கும் நாட்களிலிருந்தும் பூச்சு காயும் நாட்களிலிருந்தும் ஒன்பது நாளை எடுத்துக் காட்டும் திட்டம் தாளில் அழகாக இருக்கும். அதன் விலையை உரிமையாளர் பிறகு கொடுப்பார். அதனால் மூன்றாம் கடிதத்தில், "இந்த இரண்டு காலங்களையும் குறைக்கவில்லை" என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டும்.

விடுமுறைகளும் கணக்கில் வர வேண்டும். தட்டு போட்ட இரண்டொரு நாளில் தைப்பொங்கல் வருகிறது. தோட்டங்களிலிருந்து வரும் வேலையாட்கள் வீட்டுக்குப் போவார்கள், போகத்தான் வேண்டும். ஆனால் புதிய தட்டுக்குத் தண்ணீர் தேக்கி ஈரம் காக்க ஒருவர் தளத்தில் நிற்க வேண்டும், அவர் யார் என்பதும் இப்போதே தீர்மானிக்கப்பட வேண்டும். போயா நாட்களையும் பெப்ரவரி 4ஐயும் வேலை நாளாக எண்ணிய அட்டவணை முதல் மாதத்திலேயே பொய்த்துவிடும்.

கடிதத்தின் முடிவு இப்படி அமையலாம்:

"முதலாவது வழிக்குத் தங்கள் சம்மதத்தையும், மேலதிக 4 நாள் வேண்டுமா என்பதையும் ஜனவரி 5க்கு முன் அறியத்தரவும், இரண்டாவது மேசன் குழுவை அதன் பின் உறுதிசெய்ய முடியாது. ஜனவரி 12 தட்டு போடுதல், பெப்ரவரி 2 முட்டு எடுத்தல், பெப்ரவரி 20 மேல்மாடிச் சுவரும் கூரையும் முடிதல் ஆகிய மூன்று நாட்களிலும் தங்களுக்குப் படத்துடன் அறிவிப்பேன். இவற்றுள் ஒன்று பிந்தினால், மார்ச் 29 எத்தனை நாள் நகர்கிறது என்பதை அன்றைய தினமே எழுதித் தருவேன். இங்ஙனம்,"