பால் நோட்டை ஷீட்ல ஏத்துறது: நாளுக்கு ஒரு வரியா, வேளைக்கு ஒரு வரியா?

சொசைட்டியில பால் ஊத்துறவங்களோட நோட்டை எக்செல்ல ஏத்தணும்னா பெரும்பாலும் தேதி, லிட்டர், ஃபேட், பணம்னு நாலு காலம் போட்டு நாளுக்கு ஒரு வரின்னு ஆரம்பிச்சிடுவாங்க. பாக்க அழகாத்தான் இருக்கும், பத்து நாளுக்குப் பத்தே வரி. ஆனா நோட்டுல ஒரு தேதிக்குக் காலை, சாயங்காலம்னு ரெண்டு பதிவு இருக்கே, ஃபேட்டும் வேளைக்கு வேளை மாறுமே, அதை ஒரே கட்டத்துல எப்படி அடக்குறது?

காலைல 6.4 லிட்டர், ஃபேட் 3.8. சாயங்காலம் 3.2 லிட்டர், ஃபேட் 4.7. நாளுக்கு ஒரு வரின்னா ரெண்டு ஃபேட்டையும் கூட்டி ரெண்டால வகுத்து 4.25னு போட்டுடுவோம். அது தப்பு, காலைப் பால் ரெண்டு மடங்கு இருக்குல்ல, அளவை வச்சுக் கணக்குப் போட்டா 4.1தான் வரும். ஒரு தடவை 4.25னு ஏத்தியாச்சுன்னா அப்புறம் என்னைக்காவது சாயங்கால ஃபேட் மட்டும் இறங்கினா அதை ஷீட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்ல.

அதனால என் ஓட்டு வேளைக்கு ஒரு வரிக்குத்தான். `வேளை`ன்னு ஒரு காலம் கூடும், டைப் பண்ற வேலையும் ரெண்டு மடங்கு, ஆனா நோட்டுல இருக்கிறது அப்படியே ஷீட்ல இருக்கும், சந்தேகம் வந்தா வரிக்கு வரி வச்சுப் பாக்கலாம். லிட்டர் C-லயும் ஃபேட் D-லயும் இருந்தா பத்து நாள் சராசரிக்கு இது போதும்:

```
=SUMPRODUCT(C2:C21,D2:D21)/SUM(C2:C21)
```

போட்டோ எடுத்து ஆப்ல எழுத்தா மாத்துறது மூணாவது வழி. பிரிண்ட் சீட்டுன்னா பரவால்ல, கையெழுத்து நோட்டுன்னா புள்ளி காணாமப் போயி 3.8 வந்து 38 ஆகும், அதுகூடக் கண்ணுல பட்டுடும், 4.1 வந்து 4.7 ஆனா யாருக்கும் தெரியாது. லிட்டர் கூட்டுத்தொகையை நோட்டுல போட்டிருக்கிற மொத்தத்தோட ஒப்பிட்டா லிட்டர் தப்பு மாட்டும், ஃபேட் தப்பு மாட்டாது, அதைக் கண்ணால பாத்துத்தான் ஆகணும்.

பணம் எந்த முறையிலயும் தொல்லைதான். வேளைக்கு வேளை தொகை எழுதியிருந்தா அதை அப்படியே ஏத்துங்க, ஃபேட்டை வச்சு நீங்களா கணக்குப் போடாதீங்க, நிறைய இடத்துல கொழுப்பு இல்லாத திடப்பொருளோட அளவான எஸ்.என்.எஃப்பும் சேர்த்துத்தான் ரேட்டு. பட்டுவாடா தொகை வேற விஷயம், அது தீவனம், கடன்னு பிடிச்சது போக வர்றது. அதைக் கடைசி நாள் வரியில சேர்த்தா அன்னைக்கு மட்டும் பால் பொன்னா வித்த மாதிரி தெரியும். மொத்தம், பிடித்தம், கையில வந்ததுன்னு தனி ஷீட்ல போடுங்க.

சில வேளை லிட்டர் இருக்கும், ஃபேட் கட்டம் காலியா இருக்கும். அங்க 0 போடாதீங்க. காலியா விட்டாலும் மேல உள்ள ஃபார்முலா அந்த லிட்டரை வகுக்கிற மொத்தத்துல சேர்த்துக்கிட்டு, பெருக்குற இடத்துல ஃபேட்டைப் பூஜ்யமா எடுத்துக்கும், சராசரி இறங்கிடும், அதனால ஃபேட் இல்லாத வரியோட லிட்டரை சராசரிக் கணக்குல மட்டும் கழிச்சிடுங்க.